கைக்கு வராத சரக்கு: தேயிலைத் தோட்டங்களில் காப்புறுதி விற்பனையும் நம்பிக்கையும்

விலை கொடுத்து வாங்கப்படும் எந்தப் பொருளின் தரத்தையும் வாங்குபவர் எப்போது அறிந்துகொள்கிறார் என்ற கேள்வியை வைத்துப் பொருளியலாளர்கள் சரக்குகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். வாங்கும் முன்பே பார்த்தும் தொட்டும் தரத்தை அறியக்கூடியவை முதல் வகை. சேலையும் செருப்பும் அதில் அடங்கும். வாங்கிப் பயன்படுத்திய பின்பே தரம் தெரிபவை இரண்டாம் வகை. உணவகச் சாப்பாடு அத்தகையது. இவ்விரண்டையும் 1970ஆம் ஆண்டில் பிலிப் நெல்சன் வேறுபடுத்திக் காட்டினார். பயன்படுத்திய பின்னரும் தரத்தை உறுதியாகச் சொல்ல முடியாத, விற்பவரை நம்பி மட்டுமே ஏற்கவேண்டிய மூன்றாம் வகை ஒன்று உண்டு என்பதை 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி ஆகிய இருவரும் சேர்த்தார்கள். ஆயுள் காப்புறுதி இந்த மூன்றாம் வகையின் கடைசிப் படியில் நிற்கிறது. சேமிப்பு கலக்காத அதன் அடிப்படை வடிவில், பணம் கட்டியவர் இறந்த பின்புதான் சரக்கு வழங்கப்படுகிறது. அதைப் பெறுபவர் அதை வாங்கியவர் அல்லர். வாங்கியவருக்கோ தாம் வாங்கியது நல்லதா கெட்டதா என்று அறியும் வாய்ப்பு ஒருபோதும் கிடைப்பதில்லை.

சேவைகளைச் சந்தைப்படுத்துவது பற்றி 1981இல் எழுதிய தியோடர் லெவிட் இதிலிருந்து ஒரு நடைமுறை முடிவுக்கு வந்தார். தொட்டறிய முடியாத சேவை ஒழுங்காகக் கிடைக்கும்வரை வாடிக்கையாளர் அதைக் கவனிப்பதில்லை என்பதும், கிடைக்காமல் போகும் நாளிலேயே அது அவர் கண்ணில் படுகிறது என்பதும், ஆகவே வாக்குறுதிக்குப் பதிலாளாக ஏதேனும் கண்காணும் சான்றை விற்பவர் தொடர்ந்து வழங்கவேண்டும் என்பதும் அவருடைய வாதம். உலகெங்கும் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் இந்தச் சான்றைக் கட்டடத்திலும் சீருடையிலும் தோல் உறையிட்ட பத்திரத்திலும் தேடின. ஹட்டன் நகரின் பிரதான வீதியிலும் நுவரெலியாவின் கடைத்தெருவிலும் அவற்றின் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆனால் கட்டடம் நம்பிக்கைக்குச் சான்றாகாது என்பதை இலங்கையர் மிகுந்த விலை கொடுத்தே கற்றிருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டின் இறுதியில் கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் வீழ்ந்தபோது அதில் வைப்புச் செய்திருந்தவர்கள் படித்தவர்களும் ஓய்வூதியரும் வெளிநாட்டில் உழைத்தவர்களுமாக இருந்தார்கள் என்பதும், அந்நிறுவனம் நாடறிந்த ஒரு பெருங்குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

மலையகத் தோட்டங்களில் காப்புறுதி ஏன் விற்கவில்லை என்று விற்பனைப் பிரிவினரைக் கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் விடை, அங்குள்ளவர்களுக்குக் காப்புறுதி பற்றிய அறிவு இல்லை என்பதே. இந்த விடை தவறானது. தவறான இந்நோயறிதலிலிருந்து புறப்படும் மருந்துகள், அதாவது விழிப்புணர்வுக் கூட்டங்கள், வண்ணத் துண்டுப் பிரசுரங்கள், தெருநாடகங்கள் ஆகியன, பெரும்பாலும் வீணாகின்றன. ஆபத்தைப் பலருக்கிடையே பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு தோட்டத்துக்குப் புதிதன்று. பெரும்பாலான தோட்டங்களில், சில இடங்களில் ஒவ்வொரு டிவிசனிலும், மரண உதவிச் சங்கம் ஒன்று இயங்கி வருகிறது. நிறுவனங்கள் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம் அங்கே இருப்பதால் அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது.

ஒரு டிவிசனில் 200 குடும்பங்கள் இருப்பதாகவும் ஒவ்வொரு குடும்பமும் மாதம் 100 ரூபாய் சங்கத்துக்குக் கொடுப்பதாகவும் கணக்கிற்காக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சேரும். ஏறத்தாழ தொள்ளாயிரம் பேர் வாழும் அந்த டிவிசனில் இலங்கையின் பொதுவான இறப்பு வீதப்படி ஆண்டுக்கு ஆறு பேரளவில் இறக்கக்கூடும். ஆகவே ஒவ்வொரு மரணத்துக்கும் 40,000 ரூபாய் வரை கொடுக்கச் சங்கத்தால் முடியும். இது கணிதவியல் அறிந்த ஒருவர் வகுத்த திட்டத்துக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அதிலும் முக்கியமானது பணம் கைமாறும் விதம். மரணம் நிகழ்ந்த செய்தி லயத்திலிருந்து பரவிய சில மணி நேரத்துக்குள் சங்கத்தின் பொருளாளர் பணத்துடன் வருகிறார். சங்கத்துக்குச் சொந்தமான கதிரைகளும் கூடாரமும் விளக்குகளும் வந்து சேருகின்றன. குழி வெட்டவும் பெட்டி கொண்டுவரவும் ஆட்கள் ஒதுக்கப்படுகிறார்கள். இறந்தவரின் பெயர் அடையாள அட்டையில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை, ஏனெனில் இறந்தவர் யார் என்பது அனைவருக்கும் தெரியும். பணம் கொடுக்கப்பட்டதை அந்த லயமே பார்க்கிறது. வாக்குறுதி நிறைவேறுவதை ஆண்டுக்கு ஆறு முறை நேரில் பார்க்கும் மக்களுக்கு மாதம் 100 ரூபாய் கொடுப்பது நம்பிக்கைச் சோதனையாகத் தோன்றுவதில்லை. லெவிட் தேடச் சொன்ன கண்காணும் சான்றை எந்தச் சந்தைப்படுத்தல் நூலையும் படிக்காத இந்தச் சங்கங்கள் தாமாகவே உண்டாக்கிவிட்டன.

சீட்டும் இதே வகையைச் சேர்ந்தது. பெண்கள் சேர்ந்து நடத்தும் சீட்டில் யார் எந்த மாதம் பணம் எடுத்தார் என்பது மற்ற அனைவருக்கும் தெரியும்; நடத்துபவர் அடுத்த காம்பராவில் வசிப்பவர்; ஏமாற்றினால் அவரால் அந்த மலையில் மறுநாள் கொழுந்து பறிக்க முகம் கொடுக்க முடியாது. அதுவும் சில வேளை உடைந்துபோவதுண்டு. ஆனால் உடையும்போது யாரிடம் போய்க் கேட்பது என்ற குழப்பம் அங்கே இல்லை.

தோட்டத் தொழிலாளர் தொலைதூர நிதி நிறுவனத்துக்குப் பணம் கட்டியே பழகாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஒரு கொழுந்துப் பறிப்பாளரின் சம்பளத் துண்டை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். மேற்பகுதியில் எத்தனை பேர் விழுந்தது, அதாவது எத்தனை நாள் வேலை செக்ரோலில் பதிவானது என்பதும் மேலதிகக் கொழுந்துக்கான தொகையும் இருக்கும். கீழே கழிவுகள் வரிசையாக இறங்கும். ஊழியர் சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, கோயில், மரண உதவிச் சங்கம், தீபாவளி முற்பணத்தின் மாதத் தவணை, மாத நடுவில் பெற்ற அட்வான்ஸ், தேயிலைத் தூள், சில தோட்டங்களில் சலவைத் தொழிலாளிக்கும் சவரத் தொழிலாளிக்கும் உரிய தொகை என்று அது நீளும். கட்டுப்பணத்தைத் தவணைதோறும் வசூலிப்பதே நுண்காப்புறுதியின் மிகப் பெரிய செலவு என்று உலகின் பிற பகுதிகளில் நிறுவனங்கள் முறையிடுகையில், மலையகத்தில் அந்த வசூல் இயந்திரம் ஏற்கெனவே தோட்ட அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொழிலாளியின் சம்மதக் கையொப்பம் ஒன்று கிடைத்தால் கட்டுப்பணமும் அந்த வரிசையில் ஒரு வரியாகச் சேர்ந்துவிடும்.

அப்படிச் சேர்வதே இடரின் தொடக்கமும் ஆகிறது. தம் கைக்கு வராமலேயே கழிக்கப்படும் பணத்தைப் பற்றி மலையக மக்களுக்கு நீண்ட நினைவு உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிகளின் கீழ் வந்த முதல் தலைமுறைகள் வழிச்செலவுக் கடனுடனேயே தோட்டத்தில் கால் வைத்தன. கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்குத் தரவேண்டிய கடன் இவ்வளவு என்றும், அதைத் தீர்த்தால் அவர்களை விடுவிக்கத் தயார் என்றும் தோட்ட நிர்வாகம் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அது இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அக்கடன் எப்படி வளர்ந்தது என்பது கங்காணியின் கணக்குக்கே வெளிச்சம். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் ஒருவர் கணக்கு எழுத மற்றொருவர் கட்டும் உறவு அத்துடன் முடிந்துவிடவில்லை.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட ஊழியர் சேமலாப நிதியே, ஈ.பி.எப். என்று வழங்குவதே, ஒரு தோட்டத் தொழிலாளி வாழ்நாளில் வாங்கும் மிகப் பெரிய நிதிச் சேவை. அவரது உழைப்பூதியத்தில் 8 வீதமும் தொழில்கொள்வோரின் பங்காக 12 வீதமும் மாதந்தோறும் அதில் சேருகின்றன. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறும் தகுதி அடைகிறார்கள். நிதியை மத்திய வங்கி பொறுப்பேற்று வைத்திருக்கிறது. உரிமைக் கோரிக்கைகளைத் தொழில் திணைக்களம் பரிசீலிக்கிறது. சட்டப்படி இது கட்டாயமானது என்பதால் இதை யாரும் விற்கவேண்டியதில்லை. ஆனால் எதிர்காலத்தில் கிடைக்கப்போகும் பணம் என்ற வாக்குறுதியைத் தோட்ட மக்கள் எடைபோடும் படிக்கல் இதுவே. காப்புறுதி முகவர் ஒருவர் பதினைந்து ஆண்டு கழித்துக் கிடைக்கும் தொகையைப் பற்றிப் பேசும்போது, கேட்டுக்கொண்டிருப்பவரின் மனத்தில் ஓடுவது அவருடைய தாயார் ஈ.பி.எப். பணம் பெற எத்தனை முறை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனார் என்ற கணக்கு. ஆகவே இந்தத் துறையில் விற்பவர் தம் போட்டி நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்ப்பதைவிட ஈ.பி.எப். கோரிக்கை எங்கே தடைப்படுகிறது என்று பார்ப்பது அறிவுடைமை.

அது தடைப்படுவது பெரும்பாலும் பெயரில். பெருந்தோட்டங்களில் இது பரவலாக அறியப்பட்ட சிக்கல். அதன் போக்கு இப்படி இருக்கும். பிறப்பை அறிவித்தவர் ஒருவர், பதிந்தவர் வேறொருவர். பதிந்த மொழி சிங்களமாகவோ ஆங்கிலமாகவோ இருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பார்வதி என்றிருப்பவர் செக்ரோலில் பார்வதியம்மா ஆகிறார். அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகிறது. திருமணத்துக்குப் பின் கணவரின் தோட்டத்தில் வேலைக்குச் சேரும்போது கணவரின் பெயர் சேர்ந்துகொள்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளில் நிரப்பப்பட்ட பீ அட்டையில், அதாவது சேமலாப நிதியில் உறுப்பினராகப் பதியும் படிவத்தில், இவற்றில் ஏதோ ஒன்று எழுத்துப்பிழையுடன் ஏறுகிறது. முப்பது ஆண்டு கழித்து கே படிவத்தை நிரப்பிப் பணம் கோரும்போதுதான் இந்த நால்வரும் ஒருவரே என்று நிரூபிக்கும் வேலை தொடங்குகிறது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை பலர் ஆவணமின்றி வாழ நேர்ந்த ஒரு சமூகத்தில் அடையாளப் பத்திரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதில் வியப்பில்லை. கணக்கின் நிலையை இடைக்காலத்தில் அறியலாம் என்றாலும் பல தோட்டங்களில் கடிதங்கள் லயத்துக்கு நேராக வருவதில்லை. தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வருகின்றன. தொட்டறிய முடியாத சேவைக்கு ஒரே சான்றாக இருக்கும் காகிதமும் இவ்வாறு பயனாளியின் கைக்கு வராமல் போகிறது.

இந்தப் பின்னணியில் காப்புறுதி முகவர் ஒருவர் தோட்டத்துக்கு வரும்போது நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இது கற்பனையே, ஆனால் தொகைகள் நடைமுறைக்கு ஒத்தவை. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் ஒரு பெண் தொழிலாளிக்கு நல்ல மாதத்தில் 22 பேர் விழுந்தால் 29,700 ரூபாய் கிடைக்கும். அதில் சேமலாப நிதிக்கு 2,376 ரூபாய் போகும். மாதம் 1,500 ரூபாய் கட்டுப்பணத்தில் 15 ஆண்டுக்கால முதிர்வுப் பத்திரம் ஒன்றை அவர் எடுக்கிறார். முதிர்வுப் பத்திரம் என்பது இடையில் இறந்தால் குடும்பத்துக்கும், காலம் முடியும்வரை வாழ்ந்தால் அவருக்கே கையிலும் தொகை தரும், சேமிப்பும் காப்பும் கலந்த திட்டம். வறட்சி மாதங்களில் கொழுந்து குறைந்து வேலை 14 பேராகச் சுருங்கும்போது சம்பளம் 18,900 ரூபாயாகிவிடும். தீபாவளி முற்பணமும் அட்வான்ஸும் கழிந்த பின் கட்டுப்பணத்துக்கு இடமிருக்காது. ஒரு தவணை தவறினால் வழக்கமாக ஒரு மாத அளவில் சலுகைக் காலம் உண்டு. அதற்குள்ளும் கட்டாவிட்டால் பத்திரம் காலாவதியாகும். இருபது மாதம் கட்டிய 30,000 ரூபாயைத் திரும்பக் கேட்டால், இத்தகைய பத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சரண்மதிப்பு, அதாவது இடையில் கைவிடும்போது திருப்பித் தரப்படும் தொகை, மூன்றாண்டு கட்டிய பின்னரே உருவாகிறது என்ற விடை கிடைக்கும். முதலாண்டுக் கட்டுப்பணத்தின் பெரும்பகுதி முகவரின் தரகாகவும் நிர்வாகச் செலவாகவும் போய்விடுவதே இதற்குக் காரணம். விதியில் எந்த ஏமாற்றும் இல்லை. பத்திரத்தில் அது அச்சிடப்பட்டே இருக்கிறது. ஆனால் லயத்துக்குப் போய்ச் சேரும் செய்தி, காப்புறுதிக்காரர் முப்பதாயிரத்தைத் தின்றுவிட்டார் என்பதே. மரண உதவிச் சங்கம் பணம் கொடுத்ததை லயம் எப்படிப் பார்த்ததோ, இதையும் அப்படியே பார்க்கிறது.

தவணைக் காப்புறுதியின் இந்த நோய் புதியதன்று. இங்கிலாந்தில் புருடென்ஷியல் நிறுவனம் 1854இல் தொழிலாளர் குடும்பங்களுக்கென ஒரு பிரிவைத் தொடங்கி, வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பி வாரந்தோறும் சில்லறைக் காசை வசூலித்தது. அடக்கச் செலவுக்குப் பணம் என்ற, மக்களுக்கு உடனே விளங்கிய ஒரே தேவையை அது பிடித்துக்கொண்டதாலும், வசூலிக்க வந்தவர் வாராவாரம் கதவைத் தட்டியதாலும் அது பரவியது. வேலையிழந்த வாரங்களில் கட்ட முடியாமல் காலாவதியான பத்திரங்களின் பெருந்தொகையே அவ்வகைக் காப்புறுதியின் மீது நெடுங்காலம் தொடர்ந்த குற்றச்சாட்டாகவும் இருந்தது.

காலாவதியைவிடக் கசப்பான இன்னொரு முறிவு உண்டு. காப்புறுதி ஒப்பந்தம் முழு நேர்மை என்ற கொள்கையின் மீது நிற்கிறது: விண்ணப்பதாரர் தம் உடல்நிலை பற்றித் தெரிந்த அனைத்தையும் சொல்லவேண்டும், மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது. நடைமுறையில் விண்ணப்பப் படிவத்தை முகவரே நிரப்புகிறார்; படிவம் பல வேளைகளில் ஆங்கிலத்தில் இருக்கிறது; தோட்ட மருந்தகத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர் அதைச் சொல்வதற்கு வாய்ப்பே இல்லாமல் உடல்நலக் கேள்விகளுக்கெல்லாம் இல்லை என்ற கட்டத்தில் அடையாளமிடப்பட்டுவிடுகிறது. இரண்டாண்டு கழித்து அவர் இறந்ததும் நிறுவனம் மருத்துவமனைப் பதிவைத் தேடிப் பார்த்துக் கோரிக்கையை மறுக்கிறது. சட்டத்தின் கண்ணில் மறைத்தவர் இறந்தவர்; லயத்தின் கண்ணில் ஏமாற்றியவர் நிறுவனம். இரு தரப்பும் தம்மளவில் சரியாக இருக்கும்போது தோற்பது அடுத்த விற்பனை. இவ்வகை மறுப்புகளைக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடும் வழி இலங்கையில் 2005 முதல் இருக்கிறது. அப்படி ஒருவர் இருக்கிறார் என்ற தகவலைப் பத்திரம் விற்கும்போதே சொல்லும் முகவர் அரிது.

விற்பவரை நம்பாதபோது, வாங்குபவர் நம்பும் மூன்றாமவர் ஒருவர் வழியாகப் போவது சந்தைப்படுத்தலில் வழக்கமான உத்தி. இதன் ஆற்றல் கள ஆய்வில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஆந்திரப் பிரதேசத்திலும் குஜராத்திலும் மழைக் காப்புறுதி விற்பனையை ஆராய்ந்து ஷான் கோல், சேவியர் கினே முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கிராமத்தவர் ஏற்கெனவே அறிந்திருந்த பேசிக்ஸ் என்ற நுண்நிதி நிறுவனத்தின் பிரதிநிதி உடன்வந்து ஒப்புதல் சொன்ன வீடுகளில் வாங்குவோர் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. கானாவின் வடபகுதியில் டீன் கார்லனும் உடனாய்வாளரும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடுத்த படியைக் காட்டியது: நட்டஈடு பெற்றவர்களும், பெற்றவர்களை அறிந்தவர்களும் மறு ஆண்டு கூடுதலாக வாங்கினார்கள், கட்டியும் எதுவும் பெறாதவர்கள் குறைவாக வாங்கினார்கள். சிபாரிசு முதல் விற்பனையைப் பெற்றுத் தரும், அதற்குப் பிந்தியவற்றைக் கொடுப்பனவு மட்டுமே பெற்றுத் தரும் என்று இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கலாம்.

மலையகத்தில் அந்த மூன்றாமவர் யார் என்பதில் நிறுவனங்கள் அவசரப்படுகின்றன. தோட்டத் தலைவர், அதாவது தொழிற்சங்கக் கிளையின் தலைவர், முதலில் நினைவுக்கு வருபவர். அவருக்கு மக்களிடையே செல்வாக்கு உண்டு, துரையிடம் பேசும் வழக்கமும் உண்டு. ஆனால் ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று சங்கங்கள் இயங்கும்போது ஒரு சங்கத் தலைவர் சிபாரிசு செய்த பத்திரம் மற்றச் சங்கத்தாருக்கு அந்தச் சங்கத்தின் பத்திரமாகிவிடுகிறது. அவருக்குத் தரகு கொடுக்கப்பட்டது வெளியே தெரிந்தால் நிலைமை இன்னும் கெடும்; செல்வாக்கை விலைக்கு வாங்கியவுடன் அது சிபாரிசாக இருக்கும் தன்மையை இழக்கிறது. தோட்ட நிர்வாகத்தைப் பிடித்துப் போவது அதைவிட மோசமான தெரிவு. பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை முன்னிலையில் அறிவிக்கப்படும் எதுவும் கட்டளையாகவே கேட்கப்படும். சம்மதக் கையொப்பம் விருப்பத்தின் அடையாளமாக இராது.

எஞ்சுவது மரண உதவிச் சங்கம். அதற்கும் எல்லைகள் உண்டு, அவ்வெல்லைகளே காப்புறுதி நிறுவனத்துக்கு உரிய இடத்தையும் காட்டுகின்றன. சங்கத்தின் தொகை அடக்கச் செலவோடு தீர்ந்துபோகிறது. உழைத்துக்கொண்டிருந்த தாய் இறந்தால் பிள்ளைகளின் அடுத்த இரண்டாண்டுக்கு அதில் எதுவும் இல்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் நிகழ்ந்ததுபோல ஒரு மண்சரிவு ஒரே காலைப்பொழுதில் பல வீடுகளை மூடினால், ஆண்டுக்கு ஆறு மரணத்துக்கென வகுத்த கணக்கு அன்றே முறியும். கட்டியவர்களும் பெறவேண்டியவர்களும் ஒரே சரிவில் வாழ்வது அத்தகைய சங்கத்தின் அடிப்படைப் பலவீனம். இளையவர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போகப்போக எஞ்சியிருப்போரின் சராசரி வயது ஏறுவது இன்னொரு பலவீனம். ஆகவே நிறுவனம் தனித்தனிக் குடும்பத்திடம் பத்திரம் விற்பதை விட்டு, சங்கத்தையே தன் வாடிக்கையாளராகக் கொண்டு, அதன் உறுப்பினர் அனைவருக்கும் ஒரு குழுக் காப்பு வழங்குவது பொருத்தமானது. இலங்கையில் இதற்கு முன்மாதிரி உண்டு: சணச சிக்கனக் கடன் கூட்டுறவு இயக்கத்தின் காப்புறுதி நிறுவனமே மரண உதவி ஏற்பாடுகளிலிருந்து வளர்ந்தது. அதன் வேர்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்களில் இருந்தன; கூட்டுறவுக்குரிய காணியும் வீடும் தம் பெயரில் இல்லாத லயங்களில் அவ்வியக்கம் அதே அளவில் ஊன்றவில்லை.

அத்தகைய குழுக் காப்பில் சந்தைப்படுத்தலின் பெரும்பகுதி விற்பனைக்குப் பிறகே நடக்கவேண்டும். மரணம் நிகழ்ந்த நாளில் தொகையின் ஒரு பகுதியைச் சங்கத்தின் பொருளாளரே தம் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டு, மரணச் சான்றிதழ் கிடைத்தபின் நிறுவனம் அதைச் சங்கத்துக்கு ஈடுசெய்வது முதல் ஏற்பாடு. இதனால் காகிதத்துக்காகக் காத்திருக்கும் சுமை துக்க வீட்டிலிருந்து சங்கத்துக்கும் அங்கிருந்து நிறுவனத்துக்கும் மாறுகிறது. உறுப்பினரைச் சேர்க்கும் நாளிலேயே அடையாள அட்டை, செக்ரோல், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் இவர் இன்னாரே என்று சங்கம் சான்றளிக்கும் ஒரு தாளை நிறுவனம் ஏற்றுக் கோப்பில் வைப்பது இரண்டாவது. இந்தச் செலவு விற்பனைச் செலவில் சேரவேண்டுமேயன்றி, பின்னர் விதவையின் பஸ் கட்டணத்தில் சேரக்கூடாது. சிறு தொகைக் குழுக் காப்பில் உடல்நலக் கேள்விகளை முற்றாக நீக்கி, அதற்கு ஈடாக முதல் சில மாதம் நோயால் ஏற்படும் மரணத்துக்குப் பாதித் தொகை என்று வைத்துவிட்டால் மறுப்புக்கான காரணங்களில் மிகப் பெரியது இல்லாமலாகும். பேர் குறைந்த மாதத்தில் கட்டுப்பணத்தைச் சங்கத்தின் பொது நிதி தாங்கி, கொழுந்து கூடிய மாதத்தில் திரும்பப் பெற்றால் காலாவதியும் அரிதாகும். சேமிப்பை இதனுடன் கலக்கவே கூடாது. சேமிப்புக்குச் சேமலாப நிதியும் வங்கிக் கணக்கும் சீட்டும் இருக்கின்றன. சேமிப்பைச் சேர்த்தால் கட்டுப்பணம் பத்து மடங்காகும், தரகு கூடும், மேலே கண்ட முப்பதாயிரம் ரூபாய்க் கதை மீண்டும் நிகழும்.

இவ்வளவு செய்தாலும் தீராத ஒன்று உண்டு. இத்தகைய திட்டத்தில் ஒரு குடும்பத்திடமிருந்து கிடைக்கும் கட்டுப்பணம் மிகச் சிறியது. அதில் நிறுவனத்துக்குக் கிடைக்கும் இலாபம் அதைவிடச் சிறியது. தரகின் மேல் வாழும் முகவருக்கு இதை விற்பதில் நாட்டம் இராது. மாதச் சம்பளம் பெறும் பணியாளர் ஒருவர் பல தோட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்து, விற்பனை எண்ணிக்கையால் அல்லாமல் கோரிக்கை தீர்க்கப்பட எடுத்த நாள்களின் எண்ணிக்கையால் மதிப்பிடப்படவேண்டும். அப்படி ஒருவரை நியமிக்க விரும்பாத நிறுவனம் தோட்டங்களுக்குள் நுழையாதிருப்பதே தோட்டங்களுக்கும் பின்னால் வரப்போகும் வேறு நிறுவனங்களுக்கும் நல்லது.

இவ்வுரையைக் கேட்போரிலும் வாசிப்போரிலும் தோட்டங்களில் ஆசிரியராகவும் சங்கப் பொருளாளராகவும் பணிபுரிவோர் இருப்பார்கள். நிறுவனங்கள் மாறும்வரை அவர்கள் காத்திருக்கவேண்டியதில்லை. தத்தம் டிவிசனில் காப்புறுதிப் பத்திரமோ பீ அட்டையோ வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே அதில் இருக்கிறதா என்றும், பின்னுரித்தாளராக எழுதப்பட்டவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்றும் இப்போதே சரிபார்த்து, பிழை இருந்தால் உறுப்பினர் உயிரோடும் வேலையிலும் இருக்கும்போதே எழுத்து மூலம் திருத்தக் கோரும்படி அவர்களை வேண்டிக்கொள்வது பொருத்தமானது.